அவசரநிலைப் பாடமும் ஆடியோ நாவலும்: எதில் படித்தால் எது மனதில் நிற்கும்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, புத்தகம் வாங்கணுமா, பிடிஎஃப் போதுமா, இல்ல ஆடியோவையே கேட்டுக்கலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கையில் புத்தகத்தை விரிக்க முடியாது; காது மட்டும் சும்மா இருக்கிறது. புத்தகத்துக்குக் காசு வேண்டும், பிடிஎஃப் டெலிகிராம் குழுவில் சும்மா கிடைக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு "உங்களுக்கு எது வசதியோ அது" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. வசதியானதை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்தவர்கள், மாதிரித் தேர்வில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மதிப்பெண் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லும் பதில்: படிக்கும்போது எத்தனை தடவை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். காகிதம், திரை, காது என்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. பொழுதுபோக்காகப் படிப்பதற்கும் தேர்வுக்குப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். அவசரநிலைப் பிரிவுகள். சட்டப்பிரிவு 352 தேசிய அவசரநிலை, 356 மாநில அவசரநிலை, 360 நிதி அவசரநிலை. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சுலபம். போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆயுதமேந்திய கிளர்ச்சி என்றால் 352. மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை என்றால் 356. நாட்டின் நிதி நிலைத்தன்மைக்கோ கடன் மதிப்புக்கோ ஆபத்து என்றால் 360. இதை யார் எப்படிச் சொன்னாலும் மனதில் நின்றுவிடும். ஆனால் கேள்வி இங்கே வராது. நாடாளுமன்றம் எத்தனை காலத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும், எந்தப் பெரும்பான்மையில், ஒப்புதல் கிடைத்தபின் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில்தான் கேள்வி வரும். 352-க்கு ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஆறு மாதம். ஆறாறு மாதமாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். 356-க்கு இரண்டு மாதத்துக்குள், சாதாரணப் பெரும்பான்மை போதும். அதுவும் ஆறாறு மாதமாக நீளும், ஆனால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஓராண்டைத் தாண்டி நீட்டிக்கவே தனி நிபந்தனைகள் உண்டு. 360-க்கும் இரண்டு மாதம், சாதாரணப் பெரும்பான்மை. ஆனால் ஒருமுறை ஒப்புதல் கிடைத்துவிட்டால் திரும்பப் பெறும்வரை நீடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டியதில்லை.

இப்போது இந்தப் பத்தியை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று யோசியுங்கள். 360-க்கு வந்ததும் கண் ஒரு தடவையாவது மேலே போய், "356-க்கு எத்தனை மாதம் சொன்னார்கள்?" என்று பார்த்துவிட்டு வந்திருக்கும். நாம் கவனிக்காமலேயே கண் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வாசிப்பவரின் கண் அசைவுகளைக் கருவி வைத்துப் பதிவு செய்யும் ஆய்வாளர்கள் சொல்வது, நல்ல வாசகருக்கும் சுமார் 10 முதல் 15 சதவீத அசைவுகள் பின்னோக்கியே போகின்றன. 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கண் ஒரு சொல்லைத் தாண்டியதும் அந்தச் சொல் திரையில் மறைந்துவிடும். திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அப்படிப் படித்தவர்களின் புரிதல் குறைந்தது. வேகமாகப் படிக்க வைப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகக் காட்டும் செயலிகள் வந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்த ஆய்வு அது.

சொல் வந்ததும் மறைந்துவிடுவது காதுக்கு இயல்பாகவே நடக்கிறது. ஆடியோவில் "ஒரு மாதம்" என்று கேட்டோம், போய்விட்டது. "இரண்டு மாதம்" வந்தது. மறுபடி "இரண்டு மாதம்" வந்தது. பத்து விநாடி பின்னால் தள்ளும் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கண் அரை விநாடிக்கும் குறைவில், நினைக்காமலே போய்வரும் தூரத்துக்கு, ஆடியோவில் போனை வெளியே எடுத்து, பூட்டைத் திறந்து, குத்துமதிப்பாக இரண்டு தடவை தட்டி, தேவையில்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவ்வளவு சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளாததன் விளைவு, மூன்று பிரிவுகளும் ஒன்றோடொன்று கலந்துபோவது. ஆடியோவை மட்டும் நம்பிய பிள்ளைகளின் விடைத்தாளில் இதை அப்படியே பார்க்கலாம். "அவசரநிலை எத்தனை வகை?" என்பதைச் சரியாக எழுதியிருப்பார்கள். 1975 என்பதும் சரியாக இருக்கும். 44வது சட்டத்திருத்தத்தின் கதையும் வந்துவிடும்: முன்பு "உள்நாட்டுக் குழப்பம்" என்றிருந்ததை 1978-இல் "ஆயுதமேந்திய கிளர்ச்சி" என்று மாற்றினார்கள் என்பது ஒரு கதை, அது ஒட்டிக்கொள்ளும். ஒப்புதல் காலம் மட்டும் இடம் மாறியிருக்கும்.

காகிதத்தில் இதே பாடத்தைப் படிக்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். 352-இன் பக்கத்தில் இடதுகை ஆட்காட்டி விரலைச் செருகிவைத்திருப்பார். 356-ஐப் படித்துவிட்டு விரல் இருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், மறுபடி வருவார். தேர்வில் கேள்வி வரும்போது, "அது இடப்பக்கத்தில் கீழே, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததே" என்று முதலில் இடம் ஞாபகம் வரும், பிறகு விஷயம் வரும். இது வெறும் பிரமையில்லை. எர்ன்ஸ்ட் ராத்காப் என்ற ஆய்வாளர் 1971-இலேயே இதைச் சோதித்தார். இடத்தை நினைவில் வைக்கும்படி யாரிடமும் சொல்லாமல், சில பக்கங்கள் கொண்ட பாடத்தைப் படிக்க வைத்துவிட்டு, தகவல் பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்று கேட்டார். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள்.

அந்த இட ஞாபகம்தான் போன் திரையில் கெட்டுப்போகிறது. பாடப்புத்தகத்தின் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செங்குத்துப் பத்திகளாக அச்சாகியிருக்கும். போனில் எழுத்து தெரிய வேண்டுமென்றால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பக்கத்தில் கால்வாசிதான் தெரியும். ஒரு பத்தியின் அடிவரை தள்ளிக்கொண்டு போய், பிறகு மேலே இழுத்து, வலது பக்கம் நகர்த்தி, அடுத்த பத்தியைத் தொடங்க வேண்டும். பக்கம் என்ற ஒன்று கண்ணுக்கு முழுசாகத் தெரிவதே இல்லை. கிண்டில் போன்ற கருவிகளில் எழுத்து ஓடிவந்து திரைக்கேற்ப அமர்ந்துகொள்ளும், கண்ணுக்கும் நல்லது. ஆனால் எழுத்தின் அளவை மாற்றினால் எல்லா வரிகளும் வேறு இடத்துக்குப் போய்விடும், அட்டவணைகள் சுருங்கிப்போகும். அதனால் மின்னூல் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பத்து அங்குல டேப்லெட்டில் பக்கம் முழுசாகத் தெரியும்படி திறந்த பிடிஎஃப், காகிதத்துக்கு ரொம்பவே பக்கத்தில் வரும். அதே பிடிஎஃப் ஆறு அங்குல போனில் வேறு பொருள்.

திரையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதுதான் ஆபத்தானது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெளியே தெரியாது. இஸ்ரேலின் டெக்னியன் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ராக்கெஃபெட் ஆக்கர்மன், மோரிஸ் கோல்ட்ஸ்மித் என்பவரோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைக் காகிதத்திலும் மற்றவர்கள் கணினித் திரையிலும் படித்தார்கள். இவ்வளவு நேரம்தான் என்று வரையறுத்துக் கொடுத்தபோது இரு தரப்பின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. "போதும் என்று தோன்றும்வரை படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டபோது திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். தேர்வுக்கு முன் "எவ்வளவு மதிப்பெண் எடுப்பாய்?" என்று கேட்டதற்கு, உண்மையில் எடுத்ததைவிட மிகக் கூடுதலாகச் சொன்னதும் திரையில் படித்தவர்கள்தான். அதாவது, திரை விஷயத்தை மறைக்கவில்லை. "தெரிந்துவிட்டது" என்ற எண்ணத்தைச் சீக்கிரமே தந்துவிடுகிறது. போனில் தள்ளித் தள்ளிப் பழகிய கைக்கு, ஒரு பக்கம் கண்ணில் பட்டுக் கடந்துபோவதே படித்தது போலிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை போதும். பாடத்தை முடித்ததும், பத்துக் கேள்வியில் எத்தனை சரியாக எழுதுவோம் என்று ஒரு எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். பிறகு கேள்விகளை எழுதிப் பாருங்கள். எழுதிவைத்த எண்ணுக்கும் எடுத்த எண்ணுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். மதிப்பெண் குறைவது பெரிய விஷயமில்லை, படித்தால் ஏறிவிடும். எட்டு என்று நினைத்து ஐந்து எடுக்கிறவர் பாடத்தைப் பாதியில் மூடிவைக்கிறார் என்று அர்த்தம். காகிதத்தில் ஒரு பாடம், போனில் ஒரு பாடம் என்று மாற்றி மாற்றிச் செய்தால், அந்தத் தூரம் உங்களுக்கு எதில் அதிகம் என்று தெரிந்துவிடும். சிலருக்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அவர்கள் தாராளமாகப் போனில் படிக்கலாம், நான் தடுப்பதில்லை.

திரைக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஊதிப் பெருக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2000-லிருந்து 2017 வரை வந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 1,70,000 பேருக்கும் மேல். காகிதத்துக்குச் சாதகம் இருந்தது, ஆனால் சிறிய சாதகம்தான். நேரக் கட்டுப்பாட்டில் படித்தபோது அது கூடியது; முன்பு சொன்ன 2011 ஆய்வுக்கு இது நேர்மாறு. தகவல் சார்ந்த பாடங்களில் இருந்தது. கதைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆண்டுகள் போகப் போகத் திரைக்குப் பழகி இந்த இடைவெளி குறையும் என்றுதான் நானும் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அது கொஞ்சம் கூடியிருந்ததாக அந்தத் தொகுப்பு சொல்கிறது. போனிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்குத் திரையே போதும் என்று முடிவு செய்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும்.

சரி, ஆடியோவுக்கு வருவோம். இதில் ஆய்வுகள் முரண்படுவது போலத் தோன்றும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கட்டுரையை ஒரு பகுதி மாணவர்கள் படித்தார்கள், மற்றவர்கள் ஒலிப்பதிவாகக் கேட்டார்கள். அப்புறம் வைத்த தேர்வில் படித்தவர்களின் சராசரி 81 சதவீதம், கேட்டவர்களுக்கு 59. பெரிய அடி. 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில் 91 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு மின்னூலாகப் படித்தது, ஒன்று ஆடியோவாகக் கேட்டது, ஒன்று இரண்டையும் சேர்த்துச் செய்தது. முடித்த உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தார்கள். மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். முதலாவதில் கொடுத்தது உளவியல் வகுப்புக்கான பாடக் கட்டுரை. இரண்டாவதில் கொடுத்தது இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட ஒரு விமானப்படை வீரரின் வாழ்க்கை வரலாறு. ஒன்று பின்னால் திரும்பிப் பார்க்க வைக்கிற எழுத்து, மற்றது முன்னால் இழுத்துக்கொண்டு போகிற எழுத்து. அதோடு இரண்டாவது ஆய்வில் ஒப்பிட்டது திரையோடு. காகிதம் அதில் இல்லவே இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த பகுப்பாய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. மொத்தத்தில் கேட்பதும் படிப்பதும் ஏறக்குறைய சமம். ஆனால் வாசகர் தன் வேகத்தில் படிக்க முடிகிறபோதும், நேரடியாகச் சொல்லாததை ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் படிப்பவர்கள் முந்துகிறார்கள். வேகம் நம் கையில் இருந்தால்தானே கண் பின்னால் போகமுடியும்?

கேட்கும்போது மனம் அலைவது தனிக்கதை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2013-இல் செய்த ஆய்வில், வாய்விட்டுப் படிப்பது, மௌனமாகப் படிப்பது, பிறர் படிக்கக் கேட்பது என்ற மூன்றில் கேட்கும்போதுதான் மனம் அதிகம் அலைந்தது. வாய்விட்டுப் படிக்கும்போது மிகக் குறைவு. திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்த பழைய பழக்கம் இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. புத்தகத்தில் மனம் அலைந்தால் கண்ணும் நின்றுவிடும், அல்லது ஒரே வரியைச் சுற்றிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது விட்ட இடம் அங்கேயே காத்திருக்கும். ஆடியோ காத்திருக்காது. பஸ் ஸ்டாப் வந்துவிட்டதா என்று பார்த்த நேரத்தில் "அதிகபட்சம் மூன்று ஆண்டு" கடந்துபோயிருக்கும், கடந்துபோனது தெரியவும் தெரியாது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதனால் ஆடியோவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பாடத்தை முதன்முதலாக ஆடியோவில் தொடங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் வாசிப்பு காகிதத்தில் நடக்கட்டும். புத்தகம் நூலகத்தினுடையது என்றால் அடிக்கோடு போட முடியாது, அதுவும் ஒருவகையில் நல்லதே: மூன்று பிரிவுகளையும் ஒரே தாளில் மூன்று கட்டங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். காரணம், ஒப்புதல் காலம், பெரும்பான்மை, நீடிக்கும் காலம், இதுவரை எப்போது என்று ஐந்து வரிசை. கடைசி வரிசையில் 352-க்கு 1962, 1971, 1975 என்றும், 360-க்கு "இதுவரை இல்லை" என்றும் எழுதுவீர்கள். புத்தகத்தில் நாலு பக்கத்தில் சிதறிக்கிடந்தது இப்போது ஒரே பார்வைக்குள் வந்துவிட்டது. விரலைச் செருக வேண்டிய வேலையில்லை.

அப்புறம் அந்தத் தாளிலிருந்து கேள்விகளை உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்யுங்கள். "356. எத்தனை மாதத்துக்குள் ஒப்புதல்?" என்று கேட்டுவிட்டு, ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பிறகு "இரண்டு மாதம். சாதாரணப் பெரும்பான்மை" என்று விடை. கேள்விகளை வரிசையாகப் போடாமல் 360, 352, 356 என்று கலைத்துப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் முந்தைய விடையே அடுத்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிச் செய்த ஆடியோவில் அந்த ஐந்து விநாடி மௌனத்துக்குத்தான் மதிப்பு. பஸ்ஸில் நின்றபடி அந்த இடைவெளியில் வாய்க்குள் முணுமுணுத்துப் பதில் சொன்னால் அது கேட்பதே இல்லை, தேர்வு எழுதுவது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். சிறிய பாடம் ஒன்றை ஒரு குழு இரண்டு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, இரண்டாம் தடவைக்குப் பதில் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42. இந்த இடைவெளியை, காகிதத்துக்கும் திரைக்கும் இடையே அந்தத் தொகுப்பு காட்டிய சிறிய வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். போனில் படித்துவிட்டு மூடிவைத்து எழுதிப் பார்க்கிறவர், அழகாக அட்டை போட்ட புத்தகத்தை இரண்டாம் தடவை மஞ்சள் பேனாவால் பூசிக்கொண்டிருப்பவரை முந்திவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதெல்லாம் தேர்வுக்கு. மனதுக்காகப் படிப்பது என்று வரும்போது என் பேச்சே மாறிவிடும்.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழில் மூன்று வடிவத்திலும் தாராளமாகக் கிடைக்கிற பெரிய நாவல் அதுதான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன, மின்னூல் இலவசமாகக் கிடைக்கிறது, ஆடியோவாகவும் பலர் வாசித்திருக்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஆடியோவில் கேட்டு முடித்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். என் சித்தி கண்புரை வந்தபின் புத்தகத்தைத் தொடுவதை விட்டிருந்தார். இப்போது சமையலறையில் போனைப் பாட்டில் மேல் சாய்த்துவைத்து வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருக்கிறார். "இந்த ஆழ்வார்க்கடியான் எப்பப் பார்த்தாலும் நேரங்கெட்ட நேரத்துல வந்து நிக்கிறான்டி" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார். இதற்கு மேல் ஒரு நாவல் ஒருவர் மனதில் எப்படி நிற்க வேண்டும்?

அந்த நாவல் காதுக்கு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை. ஒரு வார இடைவெளியில் வாசகர் மறந்திருப்பார் என்று தெரிந்தே எழுதியது. அதனால் நின்று நினைவூட்டும், "வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்" என்கிற தோரணையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், ஒரு அத்தியாயத்தை அடுத்ததை எதிர்பார்க்க வைக்கிற இடத்தில் வெட்டும். பின்னால் திரும்பிப் பார்க்கும் வேலையை ஆசிரியரே செய்து கொடுத்துவிடுகிறார். அவசரநிலைப் பாடத்தில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை, நாமேதான் செய்ய வேண்டும்.

கதையிலும் காகிதம் கொஞ்சம் கூடுதலாகத் தருகிற இடம் ஒன்று உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 28 பக்கத் துப்பறியும் கதை ஒன்றை 50 பேருக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் புத்தகம், பாதிப் பேருக்குக் கிண்டில். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால், இந்தச் சம்பவம் கதையில் எந்த இடத்தில் வந்தது என்று கேட்டால் புத்தகத்தில் படித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். இடதுகையில் பக்கங்கள் கூடுவதும் வலதுகையில் குறைவதும் கதையின் நீளத்தைக் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் சித்திக்கு இதனால் என்ன நஷ்டம்? யாரும் அவரிடம் பதினான்கு சம்பவங்களை வரிசைப்படுத்தச் சொல்லப் போவதில்லை. குந்தவையின் குரல் அவருக்கு ஞாபகமிருக்கிறது, வாசித்தவரின் குரலாகவே.

சுவைக்காகப் படிப்பதிலும் ஆடியோ எனக்குச் சரிப்படாத எழுத்துகள் உண்டு. காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு எழுதிய நாவல்கள், ஒரு பத்தியில் நாலு வாதத்தை அடுக்கும் கட்டுரைகள், சங்கப் பாடல்கள். பாடலைக் கேட்பது அவ்வளவு இனிமை. ஆனால் உரைக்கும் பாட்டுக்கும் கண் ஏறி இறங்காமல் எனக்குப் பொருள் பிடிபடுவதில்லை. அங்கே மறுபடி காகிதத்துக்குத்தான் வருகிறேன்.

காதைப் பற்றி இவ்வளவு சொன்னபின் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னிடம் வந்த மாணவர்களில் பார்வையற்ற தம்பி ஒருவர் இருந்தார். அவருக்குக் காகிதமும் இல்லை, திரையும் இல்லை, எல்லாமே காதுதான். ஆனால் 352, 356, 360 மூன்றையும் குழப்பாமல் சொல்கிறவர் அவர். எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். இணையப் பக்கமாக இருக்கும் பாடத்தில் `H` விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், `Shift+H` அழுத்தினால் முந்தைய தலைப்புக்கு. 360-ஐக் கேட்டுக்கொண்டிருப்பார், மூன்று தட்டில் 352-க்குப் போவார், ஒரு வரி கேட்பார், திரும்பிவிடுவார். கேட்கும் வேகம் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகம். நம் கண் செய்வதை அவர் விரல் செய்கிறது. காது பலவீனமான வழி என்று இதுவரை யாராவது நினைத்திருந்தால், அவரைப் பார்த்தால் மாற்றிக்கொள்வார்கள். பலவீனம், பின்னால் போக வழி வைக்காத ஒலிப்பதிவில் இருக்கிறது.

அவருடைய சிரமம் வேறு இடத்தில். டெலிகிராமில் சுற்றுகிற பிடிஎஃப்களில் பாதி, புத்தகத்தைப் படமெடுத்துச் சேர்த்தவை. படத்தில் எழுத்து இல்லை, அதனால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். மீதியில் சில பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குவியல். திரைவாசிப்பான் அதை ஆங்கிலமாக உளறும். தேடல் பெட்டியில் "நிதி அவசரநிலை" என்று அடித்தால் பார்வையுள்ளவருக்கும் அதில் ஒன்றும் அகப்படாது. பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: தமிழாக வந்தால் யூனிகோடு, கன்னாபின்னாவென்று வந்தால் பழைய எழுத்துரு, நகலெடுக்கவே வராவிட்டால் படம்.

அதனால் பாடக்குறிப்பு தயாரித்துப் பகிர்கிற ஆசிரியர்களிடமும் சேனல் நடத்துகிறவர்களிடமும் நான் கேட்பது இரண்டு. குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு சட்டப்பிரிவுக்கும் தலைப்பு வடிவத்திலேயே தலைப்பு கொடுங்கள்; எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் விடாதீர்கள், தடித்த எழுத்தை `H` விசை தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆடியோ போடுவதாக இருந்தால் அவசரநிலை முழுவதையும் ஒரே நாற்பது நிமிடக் கோப்பாகப் போடாதீர்கள். 352 ஒன்று, 356 ஒன்று, 360 ஒன்று, மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்லும் ஐந்து நிமிடம் தனியாக ஒன்று என்று நான்காக வெட்டி, கோப்பின் பெயரிலேயே பிரிவு எண்ணைப் போட்டுவிடுங்கள்.